வாயால் சமைத்தவர்கள்

கதை சொல்கிறவரே வராத கதை நமக்குப் புதிதல்ல. கடிதங்களை மட்டும் அடுக்கி எழுதிய கதைகளையும் நாட்குறிப்பு வடிவக் கதைகளையும் தமிழில் நிறையப் படித்திருக்கிறோம். கடிதத்தில் அது எளிது. எழுதுகிறவர் தன் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவார். ஒரு சமையல் குறிப்பையும், அதைப் பற்றி நாலு பேர் எழுதிவைத்த வரிகளையும் மட்டும் கொண்டு ஒரு கதையைச் சொல்ல முடியுமா? அந்தக் கதை பிரிந்த குடும்பம் சேர்வதில் போய் முடிய வேண்டும் என்றால்?

முடியாது என்றுதான் முதலில் தோன்றும். சமையல் குறிப்பு உப்பு, புளி, மிளகாயைத் தாண்டிப் பேசாது. ஆனால் அதன் ஓரத்தில் யாராவது ஒரு வரி எழுதிவிட்டால் போதும், ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள். ‘இதில் கசகசா சேர்க்க வேண்டும்’ என்று ஒருத்தி எழுதினால் அவள் எந்தப் பக்கத்துக்காரி என்று பாதி தெரிந்துவிடும். ‘எங்க அத்தை இதற்குத் தேங்காய் அரைக்க மாட்டார்’ என்று இன்னொருத்தி எழுதினால் ஒரு மாமியாரும் ஒரு மருமகளும் பழைய சண்டை ஒன்றும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அளவு மாறினால் வீட்டில் எத்தனை பேர் என்று தெரியும். நெய் எண்ணெயானால் காலம் கெட்டுவிட்டது என்று தெரியும். இப்படி ஒரு கதையைக் கற்பனையில் எழுத நல்ல கை வேண்டும். அந்தக் கதை நிஜமாகவே ஒருமுறை நடந்திருக்கிறது. கையால் தைத்த ஒரு நோட்டுப் புத்தகத்தில், இரண்டாம் உலகப் போரின்போது, செக் நாட்டிலிருந்த ஒரு கோட்டை நகரத்தில்.

பிராக் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் தெரெசின் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் கட்டிய கோட்டை ஊர். தன் தாய் மரியா தெரசாவின் பெயரை அதற்கு வைத்தார். 1941 நவம்பரில் நாஜிகள் அதை யூதர்களை அடைக்கும் இடமாக மாற்றினார்கள். போர் முடிவதற்குள் அங்கே கொண்டுவரப்பட்டவர்கள் சுமார் 1,40,000 பேர். 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். 90,000 பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் அங்கிருந்து ஆஷ்விட்ஸ் போன்ற கொலைக் களங்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள்.

வெளியுலகுக்கு நாஜிகள் காட்டிய படமே வேறு. 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கக் குழு பார்வையிட வந்தபோது ஊருக்கு வெள்ளையடித்தார்கள், பூச்செடி நட்டார்கள், கடைகள் திறந்தார்கள். குழு வருவதற்கு முன்பே, கூட்டம் தெரியக்கூடாது என்பதற்காக ஆயிரக்கணக்கானவர்களை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பியும் விட்டார்கள்.

முகாமுக்குள் சாப்பாடு என்பது ரொட்டித் துண்டு, தண்ணீராக ஒரு சூப், உருளைக்கிழங்கு, காபி என்ற பெயரில் ஒரு கறுப்பு நீர். அதிலும் எல்லாருக்கும் ஒரே பங்கு இல்லை. உள்நிர்வாகத்தைப் பார்க்க வைக்கப்பட்டிருந்த யூத மூத்தோர் குழு ஒரு முடிவெடுத்தது. குழந்தைகளுக்கும் உடலுழைப்பாளிகளுக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது, அதற்காக முதியவர்களின் பங்கைக் குறைப்பது. இருக்கிற சோறு எல்லாருக்கும் போதாது என்றானபின் யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டிய முடிவு அது. விளைவாக, முகாமில் பசியால் செத்தவர்களில் பெரும்பகுதி வயதானவர்கள். குப்பையில் உருளைக்கிழங்குத் தோல் பொறுக்கியவர்களும் அவர்கள்தான்.

அந்த முதியவர்களில் ஒருவர் மினா பெக்டர். வயது எழுபதைத் தொட்டவர். ஓவியக் கலை பற்றிய அறிவுள்ளவர், வசதியான குடும்பத்துப் பெண்மணி. அவருடைய மகள் அன்னி 1939இல் தன் சிறு பையனை அழைத்துக்கொண்டு பாலஸ்தீனத்துக்குக் கிளம்பினார். அம்மாவையும் வரச்சொல்லிக் கெஞ்சினார். மினா மறுத்துவிட்டார். முதிர்ந்த மரத்தைப் பிடுங்கி வேறிடத்தில் நட முடியாது என்பது அவர் சொன்ன ஒரு காரணம். கிழவிகளை யார் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்பது இன்னொன்று.

முகாமுக்கு வந்தபின் மினா ஒரு சமையல் புத்தகம் எழுதத் தொடங்கினார்.

அவர் தனியாக எழுதவில்லை. நோட்டில் பல கையெழுத்துகள் இருக்கின்றன. பெண்கள் தங்கவைக்கப்பட்டிருந்த கூடங்களில் படுக்கையில் கிடந்தபடியே சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது அன்றாட வழக்கம். இந்தப் பேச்சுக்கு அங்கே ஒரு பெயரே இருந்தது என்று தெரெசினிலிருந்து உயிர் பிழைத்த பேராசிரியர் சூசன் செர்னியாக்-ஸ்பாட்ஸ் பின்னாளில் சொன்னார்: வாயால் சமைப்பது. எல்லாரும் செய்தார்களாம். ஒருத்தி தப்பான பக்குவம் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குக் கோபம் வருமாம். அடுப்பு இல்லை, மாவு இல்லை, முட்டையைக் கண்ணால் பார்த்து எத்தனையோ மாதம். ஆனாலும் கேக்கில் வெண்ணெயை முதலில் சேர்ப்பதா, கடைசியில் சேர்ப்பதா என்று மெய்யாகவே சண்டை.

அந்தச் சண்டைதான் கதைக்கு உயிர். இல்லாத கேக்குக்குச் சரி என்ன, தப்பு என்ன? ஆனால் ‘எங்கள் வீட்டில் அப்படிச் செய்ய மாட்டோம்’ என்று ஒரு பெண் குரலை உயர்த்தும்போது, தனக்கு வீடு என்று ஒன்று இருந்தது, அதற்கென்று ஒரு முறை இருந்தது என்பதை அவள் நிலைநாட்டுகிறாள். முகாமில் அவளுக்கு ஒரு எண்தான் உண்டு. சமையல் சண்டையில் அவள் மறுபடியும் இன்னார் வீட்டுப் பெண்.

பசித்தவன் சாப்பாட்டைப் பற்றியே ஏன் பேசுகிறான் என்பதற்கு அதே காலகட்டத்தில் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை நடந்தது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்களைத் தன்னார்வலர்களாக எடுத்துக்கொண்டார். 1945இல் ஆறு மாதம் அவர்களுக்குத் தேவையான உணவில் ஏறக்குறைய பாதியை மட்டும் கொடுத்தார். போருக்குப் பின் ஐரோப்பாவில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதே நோக்கம். எடையில் கால் பங்கு குறைந்தது, ரத்த ஓட்டம் மந்தமானது, குளிர் தாங்கவில்லை. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஒன்றும் நடந்தது. அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தார்கள். அதுவரை அடுப்பங்கரைப் பக்கமே போகாதவர்கள், படுக்கையில் படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் படிப்பதுபோலச் சமையல் குறிப்பு படித்தார்கள். சிலர் பின்னாளில் சமையல்காரர்களாகவே ஆனார்கள்.

ஆக, தெரெசின் பெண்களின் பேச்சில் உடம்பின் கட்டளையும் இருந்தது. இதை மன உறுதி, வீரம் என்று மட்டும் சொல்லிப் பூமாலை போடுவது சரியல்ல. ஆனால் ஒரு வித்தியாசத்தையும் கவனிக்க வேண்டும். மின்னசோட்டா இளைஞர்கள் ஆளுக்கொரு புத்தகத்தோடு தனித்தனியே ஒதுங்கினார்கள். தெரெசின் பெண்கள் கூடிப் பேசினார்கள், ஒருவரையொருவர் திருத்தினார்கள், எழுதிவைத்தார்கள். மினா இன்னும் ஒரு படி போனார். யாருக்கு எழுதுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நோட்டில் எழுபதுக்கு மேற்பட்ட குறிப்புகள் உள்ளன. பெரும்பாலும் ஜெர்மன் மொழி, நடுங்கிய எழுத்து. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். குளிரவைத்துப் பரிமாறும் அடைத்த முட்டை. தலைப்பிலேயே பெக்டர் என்ற குடும்பப் பெயர் இருக்கிறது. செட்டிநாட்டுக் குழம்பு, உடுப்பி சாம்பார் என்று ஊரின் பெயர் ஒட்டிக்கொள்வதை நாம் அறிவோம். இங்கே ஒட்டியிருப்பது ஒரே ஒரு வீட்டின் பெயர்.

செய்முறை இப்படிப் போகிறது. பத்து முட்டையை நன்றாக வேகவைத்து இரண்டாக வெட்ட வேண்டும். மஞ்சள் கருவை எடுத்து சல்லடையில் அழுத்தித் தேய்த்து இறக்க வேண்டும். அதோடு 5 டெக்கா வெண்ணெய். டெக்கா என்பது பத்து கிராம். மத்திய ஐரோப்பாவில் இன்றும் கடையில் அப்படித்தான் கேட்டு வாங்குகிறார்கள். சல்லடையில் தேய்த்த இரண்டு நெத்திலி வகை உப்பு மீன், கொஞ்சம் கடுகு விழுது, மூன்று நான்கு சொட்டு மேகி. இந்த மேகி நூடுல்ஸ் அல்ல. அதே நிறுவனப் பெயரில் ஐரோப்பிய வீடுகளில் ஒரு தலைமுறைக்கும் மேலாகப் புழங்கிவந்த கறுப்பான சுவைநீர். பிறகு லிட்டரில் எட்டில் ஒரு பங்கு அடித்த கிரீம், பார்ஸ்லி இலை, எலுமிச்சைச் சாறு. முட்டைகளைத் தட்டில் அடுக்கி, எலும்புச் சாற்றிலிருந்து செய்யும் ஆஸ்பிக் என்ற உறைகுழம்பை மேலே ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் கற்பனையை அதன் போக்கில் விட்டு, பன்றித் தொடைக்கறி, சால்மன் மீன், மீன் முட்டை, கேப்பர் மொட்டுகளால் அலங்கரிக்க வேண்டும். காகிதக் குவளையில் வைத்து, சூடான ரொட்டித் துண்டுகளோடு பரிமாறலாம்.

இதில் எங்கும் மினா தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் மெதுவாகப் படித்தால் எவ்வளவு தெரிகிறது! பத்து முட்டை என்றால் இருபது பாதிகள். குளிரவைப்பது என்றால் முன்கூட்டியே செய்துவைப்பது. ஆக, இது விருந்தாளிகள் வரும் வீடு. காகிதக் குவளையில் வைத்துப் பரிமாறுவது அழகு பார்க்கிற கை. பன்றித் தொடைக்கறியும் மீன் முட்டையும் யூத மத உணவு விதிக்கு ஒத்துவராதவை. பிராக், வியன்னா வட்டாரத்தில் அக்கம்பக்கத்தாரோடு ஒன்றாகக் கலந்து வாழ்ந்த பல யூதக் குடும்பங்களில் ஒன்று இது என்பதை அந்த இரண்டு பொருள்களே சொல்லிவிடுகின்றன. தங்களை ஜெர்மன் பண்பாட்டின் பிள்ளைகளாகவே நினைத்திருந்தவர்கள். அதே ஜெர்மன் மொழியில்தான் முகாமின் உத்தரவுகளும் வந்தன.

சொல்லாமல் விட்டவை இன்னும் முக்கியம். ஆஸ்பிக் எப்படிச் செய்வது என்று குறிப்பில் இல்லை. மஞ்சள் கருக் கலவையை மறுபடி முட்டைக்குள் அடைக்க வேண்டும் என்ற வரியும் இல்லை. அந்தச் சமையலறையில் பக்கத்தில் நின்று பார்த்த ஒருத்திக்கு எழுதும்போது அதெல்லாம் தேவைப்படாது. அப்படி நின்று பார்த்தவள் மகள்தான். ஊருக்கே எழுதியிருந்தால் முழுதாக எழுதியிருப்பார்.

அப்படியும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்பதுதான் இதை வாசிப்பதில் உள்ள சிக்கல். முதலில் ஆஸ்பிக்கை ஊற்றச் சொல்லிவிட்டு, பிறகு ‘அதற்கு முன்னால்’ என்று அலங்காரத்துக்குத் திரும்புகிறாரே, அது பேச்சு வழக்கமா? நம் வீடுகளிலும் ‘தாளிச்சுக் கொட்டு, அதுக்கு முன்னாடி கருவேப்பிலை போட்டிரு’ என்று சொல்வதுண்டு. அல்லது பசியில் தளர்ந்த மூளை வரிசையைத் தவறவிட்டதா? நோட்டில் வேறு குறிப்புகளில் முக்கியமான பொருள்களே விட்டுப்போயிருக்கின்றன, செய்முறையில் ஒரு படி காணாமல் போயிருக்கிறது. நீண்ட பட்டினி நினைவையும் கவனத்தையும் சேர்த்தே தின்கிறது. எந்த விடுதல் மகளை நம்பி விட்டது, எது பசியால் விட்டது என்று பிரிக்க வழியில்லை.

வசதிக் காலத்துக் குறிப்புகளுக்கு நடுவே சட்டென்று நிறம் மாறும் பக்கங்களும் உண்டு. போர்க்காலத்துக்கென்று ஒரு இனிப்பு, வேகவைத்த உருளைக்கிழங்கை வைத்துச் செய்வது. தலைப்பிலேயே ‘மலிவான’ என்று சேர்த்த சில பலகாரங்கள். சால்மனும் மீன் முட்டையும் எப்போது நின்றன, உருளைக்கிழங்கு எப்போது வந்தது என்று தேதி போட்டு யாரும் சொல்லவில்லை. பக்கத்தைப் புரட்டினால் தெரிகிறது. ஒரு நல்ல சிறுகதைக்காரர் செய்ய ஆசைப்படுவதும் இதைத்தான்.

1944 செப்டம்பர் இறுதியில், யோம் கிப்பூர் நாளன்று மினா இறந்தார். யூதர்கள் ஆண்டுக்கொருமுறை முழு உபவாசம் இருக்கும் நாள் அது. பட்டினியால் உடல் வீங்கிச் செத்தவருக்கு அந்த நாள் அமைந்ததை ஒரு கதையில் எழுதினால், செயற்கையாக இருக்கிறது என்று பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

இறப்பதற்கு முன் அவர் ஒரு பொட்டலத்தை நண்பர் ஆர்தர் புக்ஸ்பாமிடம் ஒப்படைத்தார். பழம்பொருள் வியாபாரி அவர். நோட்டுப் புத்தகம், சில கடிதங்கள், கவிதைகள், பேரனோடு மினா எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படம். பாலஸ்தீனத்தில் இருக்கும் மகளிடம் சேர்த்துவிடச் சொன்னார். புக்ஸ்பாம் உயிர் பிழைத்தார். அது ஒன்றே பெரிய விஷயம். ஆனால் அவரிடம் அன்னியின் முகவரி இல்லை.

இங்கே கதை அப்படியே நின்றுவிடுகிறது. மினா முகவரி கொடுக்காததில் வியப்பில்லை. போர்க்காலத்தில் தபால் அறுந்துவிட்டது, மகள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. போர் முடிந்து மூன்றே ஆண்டில், 1948இல், பாலஸ்தீனத்தில் இஸ்ரேல் என்று ஒரு புது நாடே பிறந்துவிட்டது. அதே ஆண்டு செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது, வெளிநாட்டுப் பயணம் அரிதானது. பொட்டலம் புக்ஸ்பாமின் வீட்டிலேயே இருந்தது. பதினைந்து வருடம் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாரே, அதற்காகவாவது அவரை இந்தக் கதையின் முக்கியமான ஆளாகக் கருத வேண்டும்.

1960இல் அவருடைய உறவினர் ஒருவர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டபோது அதைக் கொடுத்தனுப்பினார். அந்த உறவினர் விசாரித்துப் பார்த்தார். அன்னியும் கணவர் ஜார்ஜ் ஸ்டெர்னும் அதற்குள் அமெரிக்கா போய்விட்டிருந்தார்கள். மகன் அங்கே இருந்தான். மறுபடி பொட்டலம் நின்றது.

அதன்பின் ஏறக்குறைய பத்தாண்டுகள் அது எந்தெந்தக் கைகளுக்கு மாறியது என்ற விவரம் பதிவாகவில்லை. ஒருநாள் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் செக் யூதர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்கு, ஒஹாயோ மாநிலத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் வந்தார். இங்கே யாருக்காவது ஸ்டெர்ன் குடும்பத்தைத் தெரியுமா என்று கேட்டார். ஒருவருக்குத் தெரிந்திருந்தது. சிறிது நாளில் அன்னியின் வீட்டில் தொலைபேசி அடித்தது. உங்கள் அம்மாவிடமிருந்து உங்களுக்கு ஒரு பொட்டலம் வந்திருக்கிறது என்றது மறுமுனை.

அம்மா இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

குடும்பம் சேரும் காட்சியை நாம் சினிமாவில் நிறையப் பார்த்திருக்கிறோம். பழைய பாட்டு ஒன்று கேட்கும், கையில் பச்சை குத்தியது தெரியும், தம்பி அண்ணனைக் கட்டிக்கொள்வான். சமையல் குறிப்பை வைத்து எழுதுகிற கதை என்றால் மகள் உடனே அடுப்பை மூட்டி அந்த முட்டையைச் செய்துவிட வேண்டும், மூன்று தலைமுறை சேர்ந்து சாப்பிட வேண்டும். அன்னி அப்படிச் செய்யவில்லை. பொட்டலத்தைத் திறந்தார். உள்ளே கிறுக்கலாகிப்போன அம்மாவின் கையெழுத்தைப் பார்த்தார். இத்தனை காலத்துக்கு அப்பாலிருந்து அம்மாவின் கை தன்னை எட்டித் தொடுவதுபோல இருந்தது என்று பின்னர் சொன்னார். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டார். தொடவே பயமாக இருந்ததாம், புனிதமான ஒன்றைப்போல. நெடுநாள் கழித்துத்தான் முழுக்கப் படிக்கும் தைரியம் வந்தது.

இதைவிடச் சரியான முடிவை எந்த எழுத்தாளரும் எழுதியிருக்க முடியாது என்றே தோன்றுகிறது. அந்த முட்டையைச் செய்து சாப்பிட்டிருந்தால் அது ஒரு சாப்பாட்டோடு முடிந்துபோயிருக்கும். தவிர, வாயால் சமைத்ததை அடுப்பில் சமைக்க முயன்றால் எங்கெங்கே பொருள் விட்டுப்போயிருக்கிறது என்பதுதான் முதலில் தெரியவரும். அதைப் பார்க்க ஒரு மகளுக்கு எவ்வளவு மனவலு வேண்டும்?

இதுபோல எழுதியவர்கள் தெரெசின் பெண்கள் மட்டுமல்ல. அதே போரில் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபின் சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட ஐரோப்பியப் பெண்களிடையே எதெல் மல்வேனி என்ற கனடாக்காரர் இருந்தார். பெண்களை மேசைக்கு உட்காருவதுபோல உட்காரவைத்து, இல்லாத விருந்தை வாயாலேயே பரிமாறவைத்து, சொல்லப்பட்ட குறிப்புகளையெல்லாம் ஒரு கணக்குப் பேரேட்டில் எழுதிக்கொண்டார். போர் முடிந்து ஊர் திரும்பியதும் அதை அச்சடித்து விற்று 18,000 டாலர் திரட்டி, இங்கிலாந்து மருத்துவமனைகளில் இருந்த முன்னாள் போர்க்கைதிகளுக்கு ஆரஞ்சும் மற்ற உணவுப் பொருள்களும் அனுப்பினார்.

அதே மல்வேனி சிறையில் இன்னொன்றும் செய்தார். ஆண்கள் வேறு பகுதியில் அடைக்கப்பட்டிருந்தார்கள், கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது, அவனுக்கும் இவளைப் பற்றித் தெரியாது. காயம்பட்டவர்களுக்குப் போர்வை தைக்கிறோம் என்று சொல்லி அனுமதி வாங்கினார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு சதுரத் துணி. அதில் தன்னைப் பற்றி எதையாவது எம்பிராய்டரி செய்து கையெழுத்திட வேண்டும். போர்வைகள் ஆண்களின் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, எந்தெந்த மனைவி உயிரோடு இருக்கிறாள் என்ற பட்டியலும் போய்ச் சேர்ந்தது. காவல்காரர்கள் கண்ணில் பட்டது பூவும் பெயரும் மட்டும். அந்தப் போர்வைகள் இன்றும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பாதுகாக்கப்படுகின்றன. சமையல் குறிப்பு, தையல் சதுரம் என்று காவல்காரன் சந்தேகப்படாத, பெண்கள் வேலை என்று ஒதுக்கிவிடக்கூடிய இடத்தில் செய்தியை வைப்பது சிறைக்குள் கைகொடுத்த உத்தி. மினாவின் நோட்டைக்கூட யாராவது சோதித்திருந்தால் ஒரு கிழவியின் சமையல் கிறுக்கல் என்றுதான் விட்டிருப்பார்கள்.

அன்னியின் நோட்டு 1996இல் புத்தகமாக வந்தது. ‘நினைவின் சமையலறையில்’ என்று பொருள்படும் தலைப்பு. தொகுத்தவர் காரா டி சில்வா. பெயரைப் பார்த்து இலங்கைக்காரர் என்று எண்ண வேண்டாம், நியூயார்க்கில் உணவு பற்றி எழுதிவந்தவர். ஜெர்மனிலிருந்து மொழிபெயர்த்த பியான்கா ஸ்டைனர் பிரவுன் தெரெசினில் அடைபட்டு மீண்டவர், பின்னாளில் உணவுப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். எந்தக் குறிப்பில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

புத்தகம் வந்தபோது முணுமுணுப்பும் வந்தது. இவ்வளவு பெரிய கொலையைப் பற்றிச் சமையல் புத்தகமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். இது சமையலுக்கான புத்தகமே அல்ல, சமையல் குறிப்பு வடிவில் இருக்கும் ஒரு சாட்சியம் என்று டி சில்வா தொடர்ந்து சொல்லிவந்தார். முகம் சுளித்தவர்களை முற்றிலும் குறை சொல்ல முடியாது. கடையில் அது கேக் புத்தகங்களுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருந்தால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

தொகுத்தவர்களுக்கு முன்னால் இருந்த நடைமுறைக் கேள்வி வேறு. சமையல் புத்தகம் அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு குறிப்பையும் செய்து பார்த்து, அளவைச் சரிசெய்து, விட்டுப்போனதைச் சேர்ப்பது பதிப்பாளர்களின் வழக்கம். அப்படிச் செய்திருந்தால் நல்ல செக், ஆஸ்திரியச் சமையல் புத்தகம் ஒன்று கிடைத்திருக்கும். மினா தலைகீழாகச் சொன்ன வரிசை நேராகியிருக்கும், ஆஸ்பிக் செய்முறை பெட்டிச் செய்தியாகச் சேர்ந்திருக்கும். அவர்கள் அதைச் செய்யவில்லை. முட்டைக் குறிப்பில், ‘அதற்கு முன்னால்’ என்ற இடத்தில் எதற்கு முன்னால் என்பதை அடைப்புக்குறிக்குள் சொல்லிவிட்டு, வரிசையை மினா எழுதியபடியே அச்சுக்கு அனுப்பினார்கள்.